கடைசிக்கு நகர்ந்த கட்டம்

டிவி ரிமோட்டின் ஒன்றாம் எண்ணை அவள் விடாமல் அழுத்திப் பிடித்தாள்.

திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. அடுத்த நொடி வீடே அதிரும்படி ஒரு குத்துப் பாட்டு வெடித்துக் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

"நிறுத்துடி அதை!" அண்ணன் வாசற்படியில் நின்று கத்தினான். "அம்மா அங்க ஐசியூல கிடக்கா. இங்க என்ன கச்சேரியா நடக்குது?"

அவள் ஒலியை அடைத்தாள். பாடிக்கொண்டிருந்த உதடுகள் திரையில் சத்தமில்லாமல் அசைந்தன. அவள் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஒன்றாம் எண்ணின் மேல் அவளே போட்டிருந்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு அப்படியே இருந்தது. அதை அழுத்திப் பிடித்தால் வீடியோ கால் ஆப் திறக்க வேண்டும். திறந்தது பாட்டு ஆப்.

"பாத்தியா?" அண்ணன் சொன்னான். "நேத்தும் இதேதான் நடந்திருக்கு. அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிடப் பட்டனை அழுத்தியிருக்கா. உனக்குப் பதிலா இந்த எழவெடுத்த பாட்டு வந்திருக்கு. இவ இருக்காளே, இவ பண்ணின வேலை."

இவள் என்று அவன் காட்டியது சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்ஸி அனுப்பியவள். வீட்டில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவளுடைய கைப்பை அண்ணனின் தோளில் தொங்கியது. காலையிலிருந்து அதை அவன் தரவில்லை. அவளை வெளியே விடவும் இல்லை.

"சார், நான் எதுவும் பண்ணலை சார்." குரல் கரகரத்திருந்தது. அழுது முடித்த குரல்.

"அதை இன்ஸ்பெக்டர் வருவார், அவர்கிட்ட சொல்லு. கிளம்பிட்டாராம்."

"கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் எந்த வீட்டுலயும் என்னை வாசல்ல கூட நிக்க விட மாட்டாங்க சார். அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

சிஸ்டர் அக்கா என்றது இந்த வீட்டு மகளை. வெளியூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். படத்தைப் பார்க்காமல் எலும்பு முறிந்ததென்று சொல்லிப் பழக்கமில்லை. ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்திருந்தாள். கால் இரண்டும் கல்லாகக் கனத்தன.

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார்.

கைப்பிடி சுற்றினால் தலைமாடு உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில். எதிர்ச்சுவரில் டிவி. டிவியின் தலையில் ஒரு சின்னக் கேமரா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கிரேன் என்றேதான் கூப்பிடுவார்கள். முதல் பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் வந்த இரண்டாவது, பேச்சை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது இடது கையும், நடுங்கும் இடது மணிக்கட்டும், இரண்டு கண்களும். ஒருமுறை அழுத்தி மூடினால் ஆமாம். இருமுறை மூடினால் இல்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. செல்போனில் வந்த அழைப்பை எடுப்பாள். எண்ணைத் தேடிப் போடத் தெரியாது. அதனால்தான் மகள் இந்த டிவியை வாங்கிப் பொருத்தினாள். ஹோம் ஸ்கிரீன் வரிசையில் வீடியோ கால் ஆப் முதல் கட்டத்தில். அதே ஆப் ஒன்றாம் எண்ணில் குறுக்குவழியாக. அம்மாவுக்குப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தாள். "சிவப்புப் பொட்டைத் தடவிக் கண்டுபிடி. அழுத்திப் பிடி. அப்புறம் நடுவுல இருக்கிற சக்கரத்தை ஒரு அமுக்கு. என் மூஞ்சிதான் முதல்ல நிக்கும். நான் வந்துடுவேன்."

வந்தாள். மழைக்காலத்தில் அப்பா வாய் கோணி நுரை தள்ளியபோது அம்மா அந்தப் பொட்டைத்தான் அழுத்தினாள். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கேமராவில் அப்பாவைப் பார்த்தாள். ஆம்புலன்ஸை அனுப்பினாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா ரிமோட்டை அப்பாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அது என்ன மந்திரக்கோலா என்று அண்ணன்கூடக் கிண்டல் செய்வான்.

நேற்று மந்திரம் வேலை செய்யவில்லை.

"முதல்ல என்ன ஆச்சுன்னு ஒழுங்கா சொல்லு சிஸ்டர்," என்றாள் மகள்.

"சாப்பாடு குடுத்துட்டு ஐயாவுக்குப் பாட்டு போட்டேன்க்கா. தினமும் போடுறதுதான். டயப்பர் தீந்துபோச்சு. மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்துடறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். கடையில கூட்டம். திரும்பி வந்தா மாடிப்படியிலயே பாட்டுச் சத்தம் காது கிழியுது. உள்ள வந்தா..." அவள் கட்டிலின் காலருகே தரையைப் பார்த்தாள். "அம்மா இங்க சரிஞ்சு கிடந்தாங்க. கையில ரிமோட். கட்டைவிரல் அப்பவும் அமுக்கிக்கிட்டே இருந்துச்சுக்கா. நான்தான் என் போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

"நல்லா ஜோடிக்கிறா பாரு," என்றான் அண்ணன். "டிவியில கேமரா இருக்கு. தங்கச்சி எப்ப வேணா எட்டிப் பாப்பா. அது இவளுக்கு இடைஞ்சல். அதான் தூக்கித் தூரப் போட்டுட்டா."

மகள் ஹோம் பட்டனை அழுத்தினாள். திரையின் அடியில் ஆப் கட்டங்கள் வரிசையாக எழும்பின. முதல் கட்டம் செய்திச் சேனல். அதற்கடுத்து பாட்டு. வீடியோ கால் இல்லை.

ரிமோட்டை லேசாக உலுக்கினாள். அம்புக்குறி எழுந்தது. கையை வலப்பக்கம் வீசினாள். அம்பு நகர்ந்தது, நத்தை மாதிரி. அதுவும் கட்டை விரல் பருமனில் ஒரு அம்பு.

"இது ஏன் இப்படி ஊருது?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடுச்சக்கரத்தை உருட்டினாள். கட்டங்கள் இடப்பக்கம் ஓடின. படங்கள், வானிலை, இணையம், விளையாட்டு, யாரும் தொடாத ஏதேதோ. எல்லாவற்றுக்கும் பின்னால், வரிசை முடிந்தே போகும் இடத்தில், நீலக் கட்டத்தில் வெள்ளைக் கேமரா. வீடியோ கால்.

"தானா நடந்து போயிருக்குமோ?" அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை.

தானாகப் போகாது. கட்டத்தின் மேல் அம்பை வைத்து, சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். வரிசை அடுக்கும் நிலைக்கு மாறும். பிறகு கட்டத்தை இழுத்துக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் மறுபடி அழுத்தி இறக்க வேண்டும். தெரிந்தவர் செய்த வேலை.

"சிஸ்டர், வரிசையில நீ கை வச்சியா?"

நாற்காலியில் இருந்தவள் நுனிக்கு நகர்ந்தாள். "பாட்டை மட்டும்க்கா. தினமும் தேட வேண்டியிருக்கேன்னு ரெண்டாவது இடத்துக்குக் கொண்டு வந்தேன்."

"வந்துச்சா வெளிய!" அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "வாயாலயே ஒத்துக்கிட்டா. போதுமா உனக்கு?"

"ரெண்டாவது இடத்துக்குத்தான் சார்! உங்க தங்கச்சி ஆப் அப்ப முதல் இடத்துலயே இருந்துச்சு. அதை நான் தொடவே இல்லை. தொட்ட கை அழுகிப் போகட்டும்."

"அழுகும். ஜெயில்ல."

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரு."

மகள் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தாள். குறுக்குவழிப் பட்டியல் திரையில் விரிந்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஒன்றில் பாட்டு ஆப். மற்ற எல்லாம் காலி. அவள் வைத்தபோதும் மற்றவை காலிதான்.

ஏதோ ஒன்று உறுத்தியது. எக்ஸ்ரே படத்தில் கண்ணுக்குப் பிடிபடாத மயிரிழைக் கோடு மாதிரி.

பாட்டு தினமும் ஓடுகிறது. அது ஏற்கெனவே வரிசையில் இரண்டாவது. பிறகு அதை ஒன்றாம் எண்ணிலும் எதற்கு வைக்க வேண்டும்?

அவள் பட்டியலை மூடினாள். பாட்டு ஆப் மறுபடி திரைக்கு வந்தது. காலியாக இருந்த ஒன்பதாம் எண்ணை அழுத்திப் பிடித்தாள்.

திரையின் நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. இப்போது ஓடும் ஆப்பை ஒன்பதாம் எண்ணில் பதிவு செய்யவா? ஆம். இல்லை. வெளிச்சம் 'ஆம்' மேல் நின்றது.

அவள் ரிமோட்டை நீட்டியபடியே அந்த 'ஆம்' என்ற சொல்லைப் பார்த்து நின்றாள்.

"என்னடி? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணா... ஒன்னுல பாட்டை வச்சது சிஸ்டர் இல்லை."

"பின்ன?"

"அம்மா."

அண்ணன் அவளை முறைத்தான். "உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா? அவளுக்கு டிவியே மங்கலாத்தான் தெரியும்."

"அதனாலதான். நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? பொட்டை அழுத்திப் பிடி, சக்கரத்தை ஒரு அமுக்கு. அம்மா அதைத்தான் பண்ணியிருக்கா. ஆனா ஒன்னு அப்பவே காலியா இருந்திருக்கு. காலியா இருக்கிற எண்ணை அழுத்தினா இந்தப் பெட்டி வரும். அம்மாவுக்கு அது கண்ணுல படலை. சக்கரத்தை அமுக்கினா. 'ஆம்'னு ஆயிடுச்சு. ஓடிக்கிட்டிருந்த பாட்டு அதுல ஏறிடுச்சு. அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் பாட்டுதான்." அவள் சிவப்புப் பொட்டைத் தடவினாள். "நான் சொல்லிக் குடுத்ததை ஒரு எழுத்து பிசகாம செஞ்சிருக்கா அண்ணா."

திரையில் யாரோ வாயை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி," என்றான் அண்ணன் கடைசியில். பிடி தளரவில்லை. "ஒன்னைக் காலி பண்ணினது யாரு? அதுவும் அம்மாதானா?"

"அம்மாவால முடியாது. பூஜ்யத்தை அழுத்திப் பட்டியலைக் கொண்டு வரணும். அம்பை ஒன்னாம் எண் மேல நிறுத்தணும். நீக்கணும். கண்ணு தெரிஞ்சாத்தான் ஆகும்."

"கண்ணு தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல யாரு? இதோ உக்காந்திருக்கா."

"நீயும்தான் ஞாயித்துக்கிழமை வந்திருந்தே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையான சொல் என்று அவளுக்கே தெரிந்தது.

அண்ணனின் முகம் சிவந்தது. "என்னைச் சொல்றியா? என்னை? வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போறவ, வாராவாரம் வந்து குண்டி கழுவி விடறவனைக் கேக்கிறியா?"

"கேக்கலை. யார் யார் இருந்தாங்கன்னு..."

"குடு இங்க!" ரிமோட்டை வெடுக்கென்று பிடுங்கினான். "காட்டறேன் பாரு எனக்கு எவ்வளவு தெரியும்னு." உலுக்கினான். அம்பு வந்தது. பழக்க தோஷத்தில் அம்புக்குறிப் பொத்தானை வலப்பக்கம் தட்டினான். அம்பு மறைந்தது. மறுபடி உலுக்கினான். வந்தது. தட்டினான். மறைந்தது. "எங்கடி போச்சு சனியன்?"

"பட்டனைத் தட்டினா அம்பு போயிடும்ண்ணா. கையை அசைச்சாத்தான் நிக்கும்."

"அப்ப என்னை ஏன்டி சொல்றே?" அவன் ரிமோட்டை மெத்தையில் போட்டான். முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. பையனாக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டு அழாமல் நிற்பானே, அந்த முகம். "எனக்குச் சேனல் மாத்தவே நாக்கு தள்ளும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியில் காவல் இருந்த அண்ணி.

அவன் காதில் வைத்தான். "சொல்லு." கேட்டுக்கொண்டே இருந்தான். தோளிலிருந்து சிஸ்டரின் கைப்பை நழுவித் தரையில் விழுந்தது. சில்லறையும் சீப்பும் சிதறின. யாரும் குனியவில்லை.

"எப்ப?" என்றான். பிறகு, "ம்."

போனை இறக்கினான். தங்கையைப் பார்த்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது. பொட்டைத் தடவித் தடவி அழுத்தும் விரல். தன் முகம் வரும் என்று காத்திருந்த, பாதி மங்கிய கண்கள்.

கட்டிலில் அப்பாவின் மூடிய இமைகளுக்கடியிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவருக்கு எல்லாம் கேட்கும். எப்போதும் கேட்கும்.

"இது இப்போ கொலை," என்றான் அண்ணன். சன்னமாகத்தான் சொன்னான். கத்தியதைவிட அது பயங்கரமாக இருந்தது. "சிஸ்டர், கேட்டுக்கோ. கவனக்குறைவு இல்ல. கொலை. உன்னை வெளிய வர விட மாட்டேன். வீட்டை வித்தாவது உள்ள வைப்பேன்."

சிஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா," என்று கட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, உங்களுக்குத் தெரியும்ல? நாள் பூரா என்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? நான் பண்ணலைன்னு ஒரு தடவை கண்ணை மூடிச் சொல்லுங்க ஐயா."

மகள் நிமிர்ந்தாள். ஆமாம். இந்த அறையில் நடந்த எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள் இவர். காலையில் வந்ததும் அவரிடம்தான் முதலில் கேட்டாள். யார்ப்பா மாத்தினாங்க, சிஸ்டரா? அவர் கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவே இல்லை. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அதிர்ச்சி என்று அண்ணன் சொன்னான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"அப்பா. கண்ணைத் திறங்க. சிஸ்டர்தான் மாத்தினாளா?"

இமைகள் திறந்தன. கண்கள் சிவந்திருந்தன. தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தன. பிறகு மகனை. பிறகு மகளை.

இருமுறை மூடித் திறந்தார். இல்லை.

"அவருக்கு என்ன தெரியும்? பாவம் பாத்துச் சொல்றார்," என்றான் அண்ணன். "அதெல்லாம் ஸ்டேஷன்ல எடுபடாது. கண்ணை மூடினா சாட்சியா?"

அப்பாவின் இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. விரல்கள் மெத்தையைத் துழாவின. எதையோ தேடின.

"என்னப்பா? தண்ணியா?"

இருமுறை. இல்லை. விரல்கள் இன்னும் கொஞ்சம் நீண்டு ரிமோட்டின் விளிம்பைத் தொட்டன.

மகள் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைக்கும்போதே புரியத் தொடங்கியது. ஊர்ந்து போன அம்பு. கட்டை விரல் பருமன். டிவியின் அமைப்புகளுக்குள் போய் அம்பின் வேகத்தைக் குறைத்து, அளவைப் பெரிதாக்கினால்தான் அப்படி ஆகும். கண்ணும் கையும் திடமாக இருக்கிறவருக்கு அது தொல்லை. சிஸ்டருக்குத் தேவையே இல்லை. கை நடுங்குகிற ஒருவருக்குத்தான் அது தேவை.

அப்பா மணிக்கட்டை உலுக்கினார்.

அம்பு வந்தது.

ரிமோட்டை டிவிக்கு நேராக நீட்ட வேண்டியதில்லை. கை மெத்தையிலேயே கிடக்கலாம். மணிக்கட்டு அசைந்தால் போதும், அம்பு அசையும். அப்பாவின் கை மெத்தையிலேயே கிடந்தது. கட்டைவிரல் ஹோம் பட்டனை அழுத்தியது. கட்டங்கள் எழும்பின. சக்கரத்தை மெல்ல உருட்டினார். வரிசை ஓடிக் கடைசிக்கு வந்து நின்றது. அம்பு நடுங்கி நடுங்கி நீலக் கட்டத்தின் மேல் ஏறியது. ஒருமுறை தவறிப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது. பொறுமையாகத் திரும்பி வந்தது.

கட்டைவிரல் சக்கரத்தை அழுத்தியது. அழுத்திப் பிடித்தது. விரல் நகம் வெளுத்தது.

வரிசை அடுக்கும் நிலைக்கு மாறியது. நீலக் கட்டம் எழும்பி நின்றது.

அவர் கட்டத்தை இடப்பக்கம் இழுத்தார். கப்பல் தளத்திலிருந்து சரக்குப் பெட்டியைத் தூக்கிக் காற்றில் ஆட்டாமல் லாரியின் மேல் இறக்கிய கை அது. கைப்பிடியை ஒரு விரலகலம் நகர்த்தினால் எத்தனையோ டன் நகரும் இடத்தில் வேலை பார்த்த கை. நடுக்கம் இருந்தது. ஆனால் நடுக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கட்டம் ஒவ்வொன்றாகத் தாண்டி முதல் இடத்துக்கு வந்தது. இறக்கினார். ஒரு மூச்சு விட்டார். மறுபடி அழுத்திப் பிடித்துத் தூக்கினார். வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார். கடைசியில் இறக்கினார்.

பிறகு பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தார். பட்டியல் வந்தது. அம்பு ஒன்றாம் எண்ணுக்குப் போனது. பாட்டை நீக்கினார். ஒன்று காலியானது.

ரிமோட் அவர் கையிலிருந்து நழுவியது.

சிஸ்டரின் விசும்பல் மட்டும் கேட்டது. அண்ணன் மெதுவாகக் குனிந்தான். சிதறிக் கிடந்த சில்லறையையும் சீப்பையும் பொறுக்கிப் பையில் போட்டான். பையை அவள் மடியில் வைத்தான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றான் தரையைப் பார்த்து.

"நான் ஐயாவைத் தூங்கப் போட்டுட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போவேன்," என்றாள் சிஸ்டர் யாருக்கோ சொல்வது போல. "அந்த நேரத்துல இதைப் பழகறாருன்னுகூட நினைக்கலை. ரிமோட்டு அவர் கைப்பக்கம்தான் கிடக்கும். அம்மா குறட்டை விட்டுத் தூங்குவாங்க."

அண்ணன் கட்டிலின் அருகில் போனான். "ஏம்ப்பா?" குழந்தை கேட்பது போல இருந்தது. "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

ஏன் என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் கிடையாது. மகளுக்கு அது தெரியும். கேள்வியை அவள்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விளையாட்டா எதையோ தட்டப் போய் மாறிப்போச்சாப்பா?"

இருமுறை.

"வேணும்னே பண்ணீங்க."

ஒருமுறை.

"கேமராவில நான் பாக்கறது பிடிக்கலையா? உங்களை இப்படிப் பாக்கறது?"

அவர் யோசித்தார். இருமுறை.

"எங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னா?" அண்ணன் கேட்டான். "நான் ஏதாவது சலிச்சுக்கிட்டேனாப்பா? சொல்லுங்க. தாங்கிக்கறேன்."

இருமுறை. அழுத்தமாக. மகனைப் பார்த்தபடி.

கீழே தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. கதவு அறையும் சத்தம். சிஸ்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அண்ணன் வாசலைப் பார்த்துவிட்டு, "நான் பேசிக்கறேன். புகாரே இல்லைன்னு சொல்லிடறேன்," என்றான். ஆனால் நகரவில்லை. பதில் தெரியாமல் அவனால் நகர முடியவில்லை.

மகள் அப்பாவின் கண்களைப் பார்த்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கண்கள் அவளை நேராகப் பார்த்ததே இல்லை. ஐசியூவில் கண் விழித்த அன்று எல்லோரும் அழுது சிரித்துக் கொண்டாடினார்கள். பிழைச்சுட்டார், பிழைச்சுட்டார் என்று அம்மா நர்ஸுகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் மட்டும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தார்கள்.

அந்தப் பொட்டை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. அதை அழுத்தியது அம்மா. அவருக்கு அந்தப் பட்டன் வேண்டாமென்றால் அவர் அதைத் தொடாமலே இருந்திருக்கலாம். எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தார் என்றால்...

கேட்க வேண்டாம் என்று தோன்றியது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கேட்டாள்.

"மூணாவது தடவை உங்களுக்கு வந்தா, அம்மா என்னைக் கூப்பிடக் கூடாது. மறுபடி உங்களைக் காப்பாத்திடக் கூடாது. அதுக்குத்தானேப்பா?"

அப்பா கண்ணை ஒருமுறை மூடினார்.